மேலே ஈரம், கீழே அடைப்பு, நடுவில் பீரோ: மழைக்கு முன் வாடகை வீட்டுக்கு ஓர் ஆறு நிமிட வீடியோ

வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய பிறகு, போனை எடுத்துக்கொண்டு வாசல் கதவிலிருந்து வீடியோவை ஆரம்பிப்பேன். சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். ஆகவே செப்டம்பரில் பழுது கண்டுபிடித்தால் ஓனரிடம் சொல்லி, ஆள் பிடித்து, சிமென்ட் காய மூன்று வாரம் கையில் இருக்கும். தீபாவளி நெருங்கினால் கொத்தனாரும் கிடைக்க மாட்டார், பிளம்பரும் போனை எடுக்க மாட்டார்.

வீடியோவுக்கு ஒரே வரிசைதான்: வாசலிலிருந்து இடப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக, பிறகு குளியலறை, பால்கனி, மொட்டை மாடி, கடைசியில் தரைத்தளத்து டிரைனேஜ் சேம்பர். போகப் போக வாயால் சொல்ல வேண்டும்: "பெட்ரூம், கிழக்குச் சுவர், ஜன்னலுக்கு வலது பக்கம்." சொல்லாமல் எடுத்தால் ஒரு மாதம் கழித்து எந்தச் சுவர் என்று நமக்கே தெரியாது. இன்னொரு போனின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத பெயின்ட் உப்பல் எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும்.

எங்கே என்ன பார்க்க வேண்டும், பார்த்தது என்ன சொல்கிறது என்பதை அறிகுறிப்படி எழுதுகிறேன்.

மேல்கூரையில் ஈரத் திட்டு

இதைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது, "மாடி ஒழுகுது." பாதி நேரம் அது சரி. மீதிப் பாதிக்குத்தான் காசு வீணாகிறது.

திட்டின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அதை அருகில் போய் வீடியோ எடுங்கள். மூன்று நாள் கழித்து ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு கோடு. இதற்குப் பத்துப் பைசா செலவில்லை, ஆனால் எந்தத் தண்ணீர் என்று இதுதான் காட்டிக்கொடுக்கும். மழை பெய்து சில மணி நேரத்திலோ மறுநாளோ வளர்ந்து, வெயிலடித்தால் சுருங்கினால் அது மழைத் தண்ணீர். மழையே இல்லாமல், மேல்வீட்டில் குளித்து முடித்த பிறகு கறுத்தால் அது குளியலறைத் தண்ணீர். இரவு பகல் பாராமல் ஒரே மாதிரி நனைந்தே இருந்தால் சுவருக்குள் போகும் குழாய்.

எங்கள் வீட்டுக் கதை இந்த மூன்றிலும் சேராதது. மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி, மேலே மொட்டை மாடிதான். பெட்ரூம் கூரை மூலையில் தட்டு அளவுக்கு ஒரு திட்டு. ஓனரிடம் சொன்னேன். "மாடியில வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம் கூட ஆகலையேம்மா" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை, வெள்ளையாகப் பளபளவென்றுதான் இருந்தது. ஒன்பதாம் தேதி முதல் கோடு போட்டேன். பன்னிரண்டாம் தேதி ஈரம் கோட்டை அரை விரல் தாண்டியிருந்தது. பதினாறாம் தேதி இன்னும் ஒரு விரல். அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. மேலே குளியலறையும் இல்லை. அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலை ஆறரைக்கு மாடிக்குப் போனபோது தெரிந்தது. கீழ்வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருந்தார்கள். டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய் மாடித் தரையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் மழைநீர்க் குழாயின் வடிவாய் வரைக்கும் போகவில்லை. நடுவில் தளம் லேசாகத் தாழ்ந்த ஓரிடத்தில் தேங்கி நின்றது, அதன் குறுக்கே முடி மாதிரி ஒரு விரிசல். வெள்ளைப் பெயின்ட்டையும் சேர்த்துப் பிளந்துகொண்டு ஓடியது. எங்கள் பெட்ரூம் மூலை அங்கிருந்து நாலடி தள்ளி இருக்கிறது. நம்மூர் மொட்டை மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே ஓடு பதித்திருப்பார்கள். விரிசலில் இறங்கிய தண்ணீர் அந்த ஜல்லிக்குள் பக்கவாட்டில் நடந்து, கான்கிரீட்டில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இறங்கும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் பூசினால் வேலைக்கு ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஓவர்ஃப்ளோ குழாயை நீட்டி வடிவாயில் விட்டதும் ஒரு வாரத்தில் திட்டு காய்ந்தது. ஓனர் அத்தோடு முடிந்தது என்றார். நான்தான் விடவில்லை, விரிசல் அப்படியேதானே இருக்கிறது? அதைச் சுற்றி மூன்றடிக்கு மூன்றடி ஈர மணலால் வரப்புக் கட்டி, பாலிதீனை மணலுக்கு வெளிப்பக்கம் முட்டுக்கொடுத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினோம். மறுநாள் காலை பென்சில் கோட்டுக்குள் மறுபடி கறுத்திருந்தது. பெயின்ட் ஒரு தோல்தான். வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது அடியில் உள்ள விரிசல் அசையும், தோல் கிழியும். அதனால் கொத்தனார் விரிசலை அரை அங்குல ஆழத்துக்கு வி வடிவில் வெட்டி, தூசி தட்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைத்தார். காய்ந்த பிறகு மறுபடி அதே வரப்பு, அதே ஓர் அங்குலம். இந்த முறை கோடு அசையவில்லை. பழுது பார்த்த பிறகும் அதே சோதனையைச் செய்யாமல் கூலி கொடுக்காதீர்கள்.

மேலே இன்னொரு குடும்பம் இருக்கும் வீடு என்றால் வரப்புக்குப் பதில் அவர்கள் குளியலறை. தரை ஜாலியைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட வேண்டும். "அக்கா, ஒரு நாள் இன்னொரு பாத்ரூம்ல குளிச்சுக்க முடியுமா?" என்று கேட்கும் தைரியம் வேண்டும், அவ்வளவுதான். சொட்டு நீலம் கலந்து ஜாலியில் ஊற்றிப் பார்ப்பதும் உண்டு. கீழே நீலமாக வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால் குளியலறை குற்றமற்றது என்று சொல்ல முடியாது, சிமென்ட்டும் மணலும் நீலத்தைக் குடித்துவிடும்.

ஃபேன் கொக்கி வழியாகவோ லைட் பாயின்ட் வழியாகவோ சொட்டினால் மேலே சொன்ன எதையும் செய்து கொண்டிருக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஒயர் போகும் பைப்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மழைக்கு முன் மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்குவதையும் வீடியோவில் சேருங்கள். அமுக்கியதும் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி.

ஜன்னலுக்குக் கீழே சுவர் நனைகிறது

வடகிழக்குப் பருவத்தில் சாரல் வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்களில்தான் அடிக்கும். மேற்கு ஜன்னலில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் என்றால் கீழ்த் தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக அது வெளியே வடிய வேண்டும். உள்ளே வழிந்தால் துளையில் தூசியும் சிலந்திக்கூடும் அடைத்திருக்கிறது, விளக்குமாற்றுக் குச்சி போதும். தண்ணீர் ஒழுங்காக வெளியே போயும் மழையில் சுவர் நனைந்தால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சிலிகான் விட்டுப்போயிருக்கிறது. அது ஒரு டியூப், அரை மணி நேர வேலை. வெளிப்புறச் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் மட்டும் போடுங்கள்.

தரைத்தளத்தில் சுவரின் அடியில் இரண்டு மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பெயின்ட் உதிர்ந்தால் அது ஒழுகல் இல்லை, ஓதம். நிலத்திலிருந்து ஏறுவது. மழைக்கு முன் வாடகைக்காரரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் பீரோவைச் சாய்க்காமல் இருக்கலாம்.

தரை ஜாலி வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது

கீழ்வீட்டுக்காரர்களுக்கு மழையைவிட இதுதான் பயம். மேல்வீட்டில் ஃப்ளஷ் பண்ணினால் கீழே ஜாலியில் "குளுக் குளுக்" என்று சத்தம் வருகிறதா? அதுதான் முன்னறிவிப்பு. ஒரே ஒரு ஜாலி மட்டும் மெதுவாக வடிந்தால் அந்த ஜாலியில்தான் முடியும் சோப்பும். எல்லா ஜாலியும் ஒன்றாக முனகினால் கோளாறு வெளியே.

வெளியே எங்கே என்பதைத் தெரிந்துகொள்ளச் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருக்கும் சதுர மூடி அது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள், குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், போனை நீட்டி எடுங்கள். வீட்டில் தண்ணீர் நிற்கிறது, சேம்பர் காலி என்றால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பரே நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அந்தப் பக்கம். அடுத்த சேம்பரைத் திறங்கள். எங்கே நிரம்பியது முடிந்து காலி தொடங்குகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில் பிளம்பர் ஸ்பிரிங்கை விட வேண்டும். இதை அவர் வருமுன்பே வீடியோவில் காட்டிவிட்டால் அரை நாள் கூலி மிச்சம். கடைசிச் சேம்பரும் நிரம்பி, தெரு மூடியும் பொங்கினால் நம் கையில் இல்லை. சென்னையில் கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம், 044-45674567. சாலையோர மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி, 1913. மாற்றிச் சொன்னால் புகார் இரண்டு நாள் அலையும். எந்தக் காரணத்துக்கும் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

சேம்பர் சும்மா நாளில் காலி, மழை வந்தால் மட்டும் பொங்குகிறது என்றால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். மொட்டை மாடி மழைநீர்க் குழாயைச் சில வீடுகளில் கழிவுநீர்ச் சேம்பரில் இணைத்து வைத்திருப்பார்கள். மாடி வடிவாயில் ஒருவர் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கீழே சேம்பரைப் படமெடுக்கட்டும். தெளிந்த தண்ணீர் சேம்பரில் வந்து விழுந்தால் கதை முடிந்தது: ஒரு மணி நேர மழையில் முழு மாடியின் தண்ணீரும் உங்கள் கழிவறைக்கு எதிராக நிற்கப் போகிறது. அந்தக் குழாய் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத்தான் போக வேண்டும். 2003லிருந்து தமிழ்நாட்டில் அந்தக் குழி கட்டாயம். குழி இருக்கும், வண்டல் நிரம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும். அதைத் தூர்வாரச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மழை நாளில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் பாலிதீன் பையில் மணல் கட்டி ஜாலி மேல் வைத்து, அதன் மேல் அம்மிக்கல்லோ நிரப்பிய பக்கெட்டோ வையுங்கள். கழிவறைக் கோப்பைக்குள்ளும் அதே மாதிரி மணல் பை. இது சில மணி நேரம்தான் தாங்கும். ஒரு ஜாலியை அடைத்தால் அடுத்தது வழியாக வரும், ஆகவே வீட்டில் எத்தனை ஜாலி இருக்கிறதோ அத்தனை பை முன்பே கட்டி வையுங்கள். மேல்வீட்டாரிடம் தண்ணீர் புழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், வருவதில் பாதி அவர்களுடையதாக இருக்கும். தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் போயிருந்தால் மோட்டாரைத் தொடாதீர்கள். ஒரு முறை போட்டாலும் சாக்கடை மேல் டேங்குக்கும் எல்லார் வீட்டுக் குழாய்க்கும் போய்ச் சேரும்.

இதையெல்லாம் யார் செய்வது?

2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணை வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஜன்னல் கண்ணாடி, ஸ்விட்ச், அத்தோடு வடிகால் சுத்தம் செய்வது வாடகைக்காரர் பொறுப்பு. இந்தக் கடைசி ஒன்று பலருக்குத் தெரியாது. ஆக, ஜாலி முடிக்கு ஓனரைக் கூப்பிடாதீர்கள், மாடி விரிசலுக்கு நீங்கள் காசு போடாதீர்கள்.

வீடியோவை முழுதாக அனுப்பினால் எந்த ஓனரும் பார்க்க மாட்டார். ஒவ்வொரு பழுதுக்கும் இருபது நொடி வெட்டி, கீழே ஒரு வரி: "சார், பெட்ரூம் கூரை, 9ஆம் தேதி கோடு, 16ஆம் தேதி ஈரம் தாண்டியிருக்கு. மழை இல்லை." வாட்ஸ்அப்பில் போனால் தேதி தானாகப் பதிந்துவிடும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் பென்சில் கோடு மங்கிவிடும், டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். மூல வீடியோவை அழிக்காதீர்கள். காலி செய்யும்போது சுவர்க் கறைக்கு அட்வான்ஸில் பிடித்தம் என்று பேச்சு வரும், அன்றைக்கு வேண்டும்.

பீரோவைத் திறந்தால் ஊசல் வாடை

வீடியோவின் உண்மையான பலன் இங்கேதான். எந்தச் சுவர் நனையும், எந்த ஜாலி பொங்கும் என்று தெரிந்த பிறகுதான் ஆவணத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க முடியும். பலர் வெள்ளத்துக்குப் பயந்து பத்திரங்களைப் பரணில் ஏற்றுவார்கள். பரண் பெரும்பாலும் குளியலறைக்கு மேல் அல்லது அதன் சுவரை ஒட்டி இருக்கும். கீழிருந்து வரும் தண்ணீருக்குத் தப்பி மேலிருந்து வருவதில் மாட்டுவது அப்படித்தான்.

சந்தேகமான சுவரில் ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, பீரோவை அங்கிருந்து நகர்த்துங்கள். அறைப் பக்கம் மட்டும் பனித்திருந்தால் காற்றின் ஈரம்தான், ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகும். எந்தச் சுவராக இருந்தாலும் பீரோவுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பத்திரம் மேல் தட்டில், பட்டுப்புடவை அடுத்த தட்டில். கீழ் லாக்கரில் நகை இருக்கட்டும், தங்கம் நனைந்தால் ஒன்றும் ஆகாது.

காகிதத்தை உறையில் போடுவதை மழை நாளில் செய்யாதீர்கள். காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், அப்படியே ஜிப் கவரில் அடைத்தால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். செப்டம்பர் வெயில் மதியம், ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் விரித்துவிட்டு, ஒரு கவரில் ஒருவருடைய சான்றிதழ்கள் என்று போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து மூடுங்கள். அந்தக் கவர்கள் எல்லாம் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில். டப்பாவைக் கயிற்றால் கட்டுங்கள், தண்ணீரில் மிதந்து கவிழ்ந்தால் மூடி திறந்துகொள்ளும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை. மதிப்பெண் சான்றிதழையும் முத்திரைத்தாளையும் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு, பிரிக்கப் போனால் மையும் சேர்ந்து வரும்.

டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் மாதிரி துறையே வெளியிட்டு வந்து சேரும் ஆவணத்துக்கு மூலத்துக்குச் சமமான மதிப்பு சட்டப்படி உண்டு. நீங்கள் போட்டோ எடுத்து ஏற்றியது வெறும் நகல்தான். வித்தியாசம் தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நனைந்தே விட்டது

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பல வீட்டு மாடிகளில் சான்றிதழ்கள் வெயிலில் காய்ந்ததைப் பார்த்தேன். அதுதான் தப்பு. வெயிலில் காகிதம் சுருண்டு விறைக்கும், மை வெளுக்கும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரத்தோடு பிரிக்காதீர்கள். கட்டாகவே ஒரு தட்டில் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, மேல் தாள் தானாக விடும்போது மட்டும் எடுத்து, பழைய வெள்ளை வேட்டித் துணிக்கு நடுவில் வைத்து, ஃபேன் காற்று நேராகப் படாத இடத்தில் காய வையுங்கள். துணியைச் சில மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும். அதற்குள் எல்லாவற்றையும் காய வைக்க முடியாது, கரண்ட் இருக்கிறது என்றால் மீதியை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கரையவிட்டு மேலே சொன்ன மாதிரி செய்யலாம். இங்க்ஜெட்டில் அச்சடித்தது, பேனா மையால் எழுதியது இரண்டும் கரையும், அவற்றை முதலில் எடுங்கள். லேசர் அச்சு காத்திருக்கும். வீட்டுப் பத்திரம் போயே போய்விட்டால் பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் கிடைக்கும், அதற்குப் பத்திர எண்ணும் வருஷமும் எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதும் வேண்டும்.

அந்த மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, வீடியோவின் கடைசிப் பத்து நொடியில் காட்டி வைத்திருக்கிறேன்.